ஒரு டெஸ்ட்ல 45 வாங்கினா தவணையே போச்சா? பத்து காசு வச்சு பிள்ளைக்கு சொல்லிக் குடுக்குறது (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பட்டர்வொர்த்துல வீட்டுலயே கணக்கு டியூசன் எடுக்குறேன், ஆண்டு 3லேர்ந்து ஃபார்ம் 2 வரைக்கும் பிள்ளைங்க வர்றாங்க. ஒவ்வொரு தவணையும் மிட்டேர்ம் தாள் திருத்திக் குடுத்த அன்னிக்கு ராத்திரி எனக்கு வர்ற மெசேஜ் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும், "இந்த ஒரு டெஸ்ட் எவ்வளவு கணக்குல சேரும்"னு. பெரியவங்களுக்கு ரெண்டு வரியில சொல்லிடலாம். பத்து வயசு பிள்ளைக்கு சொல்றதுதான் கஷ்டம், அதுக்கு நான் காசு வச்சுதான் காட்டுவேன். போன வருஷம் ஆண்டு 5 பாப்பா ஒண்ணுக்கு மேசையில உக்காந்து காட்டினதையே கீழ முழுசா எழுதியிருக்கேன். புள்ளி எல்லாம் அவளோடது, பேரு மட்டும் வேணாம்.

"டீச்சர், என் மக மிட்டேர்ம்ல 40க்கு 18தான். தவணை மார்க்கும் 45 ஆயிடுமா?"

ஆகாது. அந்த மிட்டேர்ம் தவணையில நூத்துக்கு 20 பங்குதான். 18ங்குறது 40ல 45 சதவீதம், அந்த 45 சதவீதம் அந்த 20 பங்குக்குள்ள மட்டும்தான் செல்லும். 20ல 45 சதவீதம்னா 9. அதனால அவளுக்கு கெடச்சது 9, போனது 11. மிச்சம் 80 பங்கை இந்த டெஸ்ட் தொடவே இல்ல.

கணக்கா எழுதினா இவ்வளவுதான்:

```
18 ÷ 40 × 20 = 9
```

இதை அப்படியே பிள்ளைகிட்ட சொன்னா மண்டைய ஆட்டும், ஆனா உள்ள போயிருக்காது. 45னு தாள்ல சிவப்பு பேனாவுல பார்த்தது கண்ணுல நிக்கும், 20ங்குறதை எங்கயும் பார்க்கல இல்லையா. அந்த 20ஐ கண்ணால பார்க்க வைக்கத்தான் காசு.

"எப்படி காசு வச்சு காட்டுறீங்க, படிப்படியா சொல்லுங்களேன்"

பத்து காசு நூறு வேணும், அதாவது பத்து வெள்ளி. அந்த நூறும் சேர்ந்ததுதான் முழு தவணை, ஒரு பத்து காசு ஒரு சதவீதம். வீட்டுல உண்டியல் இருந்தா அதுலயே கெடச்சிடும்.

முதல்ல தாளை எடுக்காதீங்க, 18ங்குற பேச்சே வேணாம். நாலு கிண்ணம் வைங்க, ஒவ்வொண்ணுக்கும் பேரு எழுதி ஒட்டுங்க. எங்க கிளாஸ்ல வீட்டுப்பாடத்துக்கு 20, குவிஸ் நாலும் சேர்த்து 20, மிட்டேர்ம் 20, கடைசி சோதனை 40. பிள்ளையையே எண்ணி, ஒவ்வொரு கிண்ணத்துக்கு முன்னாடியும் அத்தனை காசை அடுக்கி வைக்கச் சொல்லுங்க. கிண்ணத்துக்குள்ள போடக் கூடாது, முன்னாடி மேசையில. பத்து பத்தா அடுக்கச் சொன்னா சீக்கிரம் முடியும், எண்ணிக்கையும் தப்பாது. அந்தப் பாப்பா அடுக்கி முடிச்சதும் கடைசி சோதனைக்கு முன்னாடி நாலு அடுக்கு நின்னுச்சு, மத்த மூணுக்கும் ரெண்டு ரெண்டு. "இது மட்டும் ஏன் டீச்சர் இவ்வளவு"னு அவளே கேட்டா. அந்தக் கேள்வி வந்துடுச்சுன்னா பாதி வேலை முடிஞ்சுது, ஏன்னா பங்குங்குறது நம்ம மார்க் வாங்குறதுக்கு முன்னாடியே முடிவாகியிருக்குன்னு அவ பார்த்துட்டா.

அப்புறம்தான் தாளை எடுக்கணும். மிட்டேர்ம் 40 புள்ளி, அதுக்கு முன்னாடி 20 நாணயம் இருக்கு, அப்ப ரெண்டு புள்ளிக்கு ஒரு பத்து காசு. 18 புள்ளிக்கு எத்தனைனு கேட்டேன், விரல் விட்டு எண்ணி ஒம்போதுன்னா. அந்த ஒம்போதை அவளே எடுத்து கிண்ணத்துல போட்டா. மிச்சம் பதினொண்ணை நான் எடுத்து ஒரு துணிப்பையில போட்டேன், அது போனது.

இப்ப மேசையைப் பார்க்கச் சொல்லுங்க. கிண்ணத்துக்குள்ள இருக்குறது கெடச்சது, பையில இருக்குறது போனது, இன்னும் அடுக்கா நிக்குறது வரப்போறது. இந்த மூணு இடம் ரொம்ப முக்கியம். அழுதுகிட்டு வர்ற பிள்ளைங்க முக்காவாசி பேரு வரப்போறதையும் போனதோட சேர்த்துதான் அழுவுறாங்க. அவ பையைத் தூக்கிப் பார்த்தா, அதுல இருந்தது ஒரு வெள்ளி பத்து காசுதான். மேசையில அடுக்கா இன்னும் எட்டு வெள்ளி நின்னுச்சு.

"மிட்டாய் வச்சு பண்ணக் கூடாதா? என் பையன் ஆண்டு 2தான், காசுன்னா அவனுக்கு சுவாரசியமே இல்ல"

ஏழு எட்டு வயசுக்கு மிட்டாய்தான் சரி, ஆனா நூறு வேணாம், பத்து போதும். ஒரு மிட்டாய் பத்து சதவீதம். மிட்டேர்ம் ரெண்டு மிட்டாய், கடைசி சோதனை நாலு மிட்டாய். மிட்டேர்ம்ல பாதிக்கு கொஞ்சம் கம்மியா வாங்கினா ரெண்டுல ஒண்ணு கெடச்சுது ஒண்ணு போச்சுன்னு காட்டினா போதும், அந்த வயசுக்கு அதுக்கு மேல துல்லியம் வேணாம்.

மிட்டாய்ல என்ன சிக்கல்னா பங்கு 15ன்னு வந்தா ஒண்ணரை மிட்டாய் வேணும், உடைக்க முடியாது, உடைச்சா அவன் எது பெருசுன்னு பார்ப்பான், கணக்கு மறந்துடும். இன்னொண்ணு, போன மிட்டாயை அம்மா எடுத்து பையில போட்டா சின்னப் பிள்ளைக்கு அது தண்டனையாவே தெரியும். அதனால மிட்டாய் எல்லாத்தையும் நடுவுல ஒரு தட்டுல வச்சு, அவன் சம்பாதிச்சதை மட்டும் அவன் பக்கம் நகர்த்துங்க, மிச்சம் தட்டுலயே இருக்கட்டும். கடைசியில எல்லாத்தையும் அவன்கிட்டயே குடுத்துடுங்க, மார்க்குக்கு தகுந்த மாதிரி மிட்டாய் குடுக்காதீங்க.

காசுல உடைக்கிற சிக்கல் கம்மி. பத்து காசுக்கு ரெண்டு அஞ்சு காசு, அப்ப அரை சதவீதம் வரைக்கும் கையில எடுத்துக் காட்டிடலாம்.

"குவிஸ்ல 20க்கு 16, மிட்டேர்ம்ல 40க்கு 18. குவிஸ்தானே நல்ல மார்க், அப்ப அதுதானே நெறைய சேர்க்கும்?"

இதை அந்தப் பாப்பாவே கேட்டா, எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி இது.

குவிஸ் நாலும் சேர்த்துதான் 20 நாணயம், அப்ப ஒரு குவிஸுக்கு அஞ்சு நாணயம்தான் அடுக்குல இருக்கு. இங்க நான் நாணயம்னு சொல்றது பத்து காசை, குழப்பிக்காதீங்க. 20 புள்ளிக்கு அஞ்சு நாணயம்னா நாலு புள்ளிக்கு ஒண்ணு. அவ வாங்கின 16க்கு நாலு நாணயம் கெடச்சுது. அவ நல்லா பண்ணின குவிஸ் நாலு நாணயம் குடுத்துச்சு, அழுத மிட்டேர்ம் ஒம்போது குடுத்துச்சு. அவ ரெண்டு கிண்ணத்தையும் மாத்தி மாத்தி பார்த்துட்டு "அப்ப மிட்டேர்ம்தான் நல்லதா"ன்னா.

அங்க விட்டுடக் கூடாது, உடனே பையையும் காட்டணும். குவிஸ்ல போனது ஒண்ணு, மிட்டேர்ம்ல போனது பதினொண்ணு. பெரிய பங்கு இருக்குற சோதனை நெறைய குடுக்கவும் செய்யும், நெறைய எடுக்கவும் செய்யும். கெடச்சதை மட்டும் காட்டினா பிள்ளை மிட்டேர்ம் பரவாயில்லன்னு நெனைச்சுக்கும், போனதை மட்டும் காட்டினா பழையபடி அழும், ரெண்டையும் பக்கத்து பக்கத்துல வச்சாதான் சரியா புரியும்.

இதோட இன்னொரு விஷயமும் சேர்ந்து வரும், ஒரு புள்ளியோட விலை எல்லா தாள்லயும் ஒண்ணு இல்ல. மிட்டேர்ம்ல ஒரு புள்ளி தொலைஞ்சா அஞ்சு காசு. குவிஸ்ல ஒரு புள்ளி தொலைஞ்சா ரெண்டரை காசுதான். கடைசி சோதனைக்கு நான் போடுற தாள் 50 புள்ளி, பங்கு 40 நாணயம், அதாவது நானூறு காசு, அப்ப அங்க ஒரு புள்ளி எட்டு காசு. ஒரே மாதிரி அலகு எழுத மறந்த தப்பு, குவிஸ்ல ரெண்டரை காசு, கடைசி சோதனையில எட்டு காசு. அலகு மறக்குற பிள்ளைங்ககிட்ட இதை சொன்னா நல்லா வேலை செய்யுது, நான் பார்த்திருக்கேன்.

"ஆப்ல பார்த்தேன் 52னு காட்டுது டீச்சர், நீங்க என்னமோ பயப்படாதீங்கன்னு சொல்றீங்க"

மூணு வருஷத்துல இந்த ஒரு விஷயத்துக்காக நான் பேசின ஃபோன் கால் எண்ண முடியாது. இதை கொஞ்சம் நிதானமா படிங்க.

நான் மார்க் ஏத்துற ஆப் காட்டுற நம்பர் முழு தவணைக்கு இல்ல. அன்னிக்கு வரைக்கும் எதுக்கு மார்க் போட்டிருக்கோ அதை மட்டும் வச்சு நூத்துக்கு ஆக்கிக் காட்டும். அந்தப் பாப்பாவோட அம்மா பார்த்த நேரத்துல நான் உள்ள போட்டிருந்தது முதல் குவிஸும் மிட்டேர்மும் மட்டும்தான். குவிஸ்ல அஞ்சுல நாலு, மிட்டேர்ம்ல இருபதுல ஒம்போது, ஆக மொத்தம் இருபத்தஞ்சுல பதிமூணு. பதிமூணை இருபத்தஞ்சால வகுத்தா 52 சதவீதம். நம்பர் தப்பு இல்ல, ஆனா அது 25 நாணயத்தோட கதை, 75 நாணயம் இன்னும் மேசையிலயே நிக்குது.

ரெண்டு வாரம் கழிச்சு வீட்டுப்பாடமும் மிச்சம் மூணு குவிஸும் போட்டேன். வீட்டுப்பாடம் 20க்கு 18 நாணயம். குவிஸ் நாலும் வரிசையா நாலு, அஞ்சு, மூணு, நாலு, மொத்தம் 16. மிட்டேர்ம் 9. கூட்டினா 60ல 43. ஆப் 72னு காட்டுச்சு. பாப்பா அந்த ரெண்டு வாரத்துல திடீர்னு கெட்டிக்காரி ஆகல, மிட்டேர்ம்ல ஒரு மார்க்கும் மாறல, அடுக்குல நின்ன காசு கிண்ணத்துக்கு வந்துச்சு அவ்வளவுதான்.

இது எதிர்ப்பக்கமும் நடக்கும். தவணை ஆரம்பத்துல வீட்டுப்பாடம் மட்டும் போட்டிருக்கும்போது 90, 95னு காட்டும், வீட்டுல எல்லாரும் சந்தோஷமா இருப்பாங்க, மிட்டேர்ம் வந்ததும் ஒரே நாள்ல கீழ இறங்கும். அதனால ஆப்ல நம்பர் பார்த்தா முதல் கேள்வி "எத்தனை நாணயத்துக்கு இது"ன்னு இருக்கணும். டீச்சர்கிட்டயும் அதையே கேளுங்க, "இதுவரைக்கும் எத்தனை பங்கு முடிஞ்சிருக்கு"ன்னு. அதுக்கு பதில் தெரியாம அந்த நம்பருக்கு சிரிக்கவும் வேணாம் திட்டவும் வேணாம்.

"நானே எல்லா டெஸ்டையும் கூட்டி வகுத்தேன், 73 வருது. உங்களுக்கு ஏன் அவ்வளவு வரல?"

குவிஸ் நாலும் 80, 100, 60, 80, மிட்டேர்ம் 45, கூட்டினா 365, அஞ்சால வகுத்தா 73. கூட்டல் சரி, வகுத்தலும் சரி, ஆனா அஞ்சு தாளையும் ஒரே எடைன்னு எடுத்துட்டீங்க. மிட்டேர்ம் ஒண்ணே நாலு குவிஸுக்கு சமம். காசா பார்த்தா குவிஸ்ல 16, மிட்டேர்ம்ல 9, மொத்தம் 40ல 25, அது 62.5 சதவீதம்தான். பத்துக்கு மேல வித்தியாசம்.

எல்லா பங்கும் ஒரே அளவா இருந்தா சும்மா கூட்டி வகுத்தாலே போதும், அது தப்பே இல்ல. வீட்டுப்பாடம் 90, குவிஸ் மொத்தம் 80, மிட்டேர்ம் 45, இந்த மூணையும் கூட்டி மூணால வகுத்துப் பாருங்க, ஆப் காட்டின அதே 72 வரும், ஏன்னா மூணுக்கும் 20 பங்கு. கடைசி சோதனை 40 பங்கோட உள்ள வந்ததும் அந்த வழி ஒத்து வராது.

"போன 11ஐ கடைசி சோதனையில திருப்பி எடுத்துடலாமா?"

திருப்பி எடுக்க முடியாது. பையில போனது போனதுதான், இதை பிள்ளைகிட்ட மறைக்காதீங்க. அந்தத் தவணையில அவ எவ்வளவு நல்லா பண்ணினாலும் போகக்கூடிய உச்சம் 43ம் 40ம் சேர்ந்து 83தான். 90 வாங்கலாம்னு ஆசை காட்டிட்டு அப்புறம் வரலன்னா அவ நம்ம கணக்கையே நம்ப மாட்டா.

ஆனா 83க்குள்ள எது வேணும்னு பேசலாம். அவளுக்கு 75 வேணும்னா. கிண்ணத்துல 43 இருக்கு, இன்னும் 32 வேணும், அடுக்குல 40 நிக்குது. நாப்பதுல முப்பத்திரண்டுன்னா 80 சதவீதம், 50 புள்ளி தாள்ல 40 வாங்கணும். 70 போதும்னா 27 நாணயம், அதுக்கு 34 புள்ளி. 80 வேணும்னா 37 நாணயம், அதுக்கு 47 புள்ளி. இந்த மூணையும் ஒரு தாள்ல எழுதி அவகிட்ட குடுத்தேன். 80ங்குறதை அவளே பென்சில்ல அடிச்சிட்டா, "அம்பதுக்கு நாப்பத்தேழு எனக்கு வராது டீச்சர், நாப்பது பார்க்கலாம்"னா. பத்து வயசுல அப்படி அளந்து பேசுறது எனக்கு பெரிய விஷயமா பட்டுச்சு.

பிள்ளையை அந்த 32 நாணயத்தை அடுக்குலேர்ந்து தனியா நகர்த்தி வைக்கச் சொல்லுங்க. மிச்சம் நிக்குற எட்டு நாணயம் அவ தவற விடக்கூடிய அளவு. எட்டு நாணயம்னா எம்பது காசு, புள்ளிக்கு எட்டு காசு, அதாவது பத்து புள்ளி வரைக்கும் தப்பு பண்ணலாம். இதைக் கேட்டதும்தான் அவ முகத்துல இருந்த இறுக்கம் போச்சு.

"ஒரு குவிஸ் அன்னிக்கு காய்ச்சல், வரல. அந்த காசு எங்க போகும்?"

அது டீச்சரோட விதியைப் பொறுத்தது, அதனால தவணை ஆரம்பத்துலயே கேட்டு வைங்க. மூணு விதமா நடக்கும். வராததுக்கு சைபர் போட்டா அஞ்சு நாணயமும் பைக்குள்ள போயிடும். இன்னொரு நாள் எழுத வச்சா அடுக்கு அப்படியே நிக்கும். விலக்கு குடுத்தா அந்தக் குவிஸை எடுத்துட்டு, குவிஸுக்குன்னு இருக்குற 20 நாணயத்தை மிச்சம் மூணு குவிஸும் பிரிச்சுக்கும், ஒவ்வொண்ணுக்கும் ஆறே முக்கால் பக்கம் வரும்.

விலக்கு குடுத்தா லாபம்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க, எப்பவும் இல்ல. மிச்சம் மூணுல ஒண்ணு மோசமா போயிருந்தா அதோட எடையும் கூடிடும். அதனால நான் எங்க கிளாஸ்ல இன்னொரு நாள் எழுத வச்சிடுவேன்.

"72.6 வந்தா 73ஆ 72ஆ? என் பையன் ஒவ்வொரு டெஸ்டையும் ரவுண்ட் பண்ணிட்டு வர்றான்"

கடைசியில ஒரே ஒரு தடவைதான் ரவுண்ட் பண்ணணும். இதுக்கு நம்ம கடை பில்லே நல்ல உதாரணம். 2008 ஏப்ரல் மாசத்துலேர்ந்து ஒரு காசு இல்லாம பில்லை அஞ்சு காசுக்கு ரவுண்ட் பண்றாங்க இல்லையா, ஒவ்வொரு சாமானுக்கும் பண்றது இல்ல, மொத்தத்துக்குத்தான் பண்றாங்க. அடுத்த தடவை சாமான் வாங்கும்போது ரசீதை பையன்கிட்ட குடுத்து அந்த வரி எங்க இருக்குன்னு தேடச் சொல்லுங்க, கீழதான் இருக்கும்.

மார்க்கும் அதே மாதிரி. ஒவ்வொரு தாளையும் மேல ஏத்தி ஏத்தி கூட்டினா ஒண்ணு ரெண்டு சதவீதம் சும்மாவே கூடிடும், வீட்டுல போட்ட கணக்கும் ரிப்போர்ட்டும் ஒத்துப் போகாம டீச்சர் தப்பு பண்ணிட்டாங்கன்னு ஆயிடும்.

காசுல ஒரு குறையும் இங்கதான் தெரியும், அஞ்சு காசுக்கு கீழ நம்மகிட்ட நாணயம் இல்ல. 72.6ல அந்தக் கடைசி ஒரு காசைக் காட்ட முடியாது. நான் தாள்ல பென்சிலால ஒரு பொட்டு வச்சு "இது ஒரு காசு"ன்னு சொல்லிடுவேன், ஆண்டு 4க்கு மேல பிள்ளைங்க அதை ஏத்துக்குறாங்க.

"தமிழ்ப்பள்ளி ரிப்போர்ட்ல டிபி 4னு வருது. அதையும் காசுல காட்டலாமா?"

வேணாம். அரசாங்கப் பள்ளியில பிபிடின்னு சொல்ற வகுப்பறை மதிப்பீட்டுல டிபி 1லேர்ந்து 6 வரைக்கும் வரும், அது பிள்ளை எந்த அளவுக்கு கத்துக்கிட்டான்னு ஆசிரியர் பார்த்து சொல்ற நிலை. ஆறுல நாலுன்னா 67 சதவீதம்னு எடுத்துக்கக் கூடாது, ஒரு டெஸ்ட் அதுல எத்தனை பங்குன்னும் கேட்க முடியாது. உவாசா, அதாவது ஆண்டு இறுதிச் சோதனை, அது தனி. ரெண்டையும் கூட்டி வகுக்காதீங்க. நான் இங்க சொல்ற காசுக் கணக்கு பங்கு பிரிச்சு மார்க் போடுற இடத்துக்குத்தான், டியூசன், தனியார் பள்ளி, அப்புறம் அண்ணன் அக்கா படிக்கிற காலேஜ். காலேஜ்ல முதல் நாளே பாடத்திட்டத் தாள்ல பங்கு போட்டுக் குடுத்துடுவாங்க, அங்கயும் இதே கிண்ணக் கணக்குதான்.

"எனக்கு காசு எல்லாம் எண்ண நேரம் இல்ல டீச்சர், ஷீட்ஸ்ல போட முடியுமா?"

உங்களுக்குன்னா போடுங்க, பிள்ளைக்கு காசுதான். B வரிசையில B2லேர்ந்து கீழ பங்கு, அதாவது 20, 20, 20, 40. C வரிசையில C2லேர்ந்து கீழ வாங்கின சதவீதம், 90%, 80%, 45%, கடைசி சோதனை எதிர்பார்க்குறது எவ்வளவோ அது. அந்த சதவீதக் குறியை மறக்காம போடுங்க, இல்லன்னா விடை ஆயிரக்கணக்குல வரும், அப்படி வந்தாலே தப்பு எங்கன்னு தெரிஞ்சிடும்.

```
=SUMPRODUCT(B2:B5, C2:C5)
```

B வரிசையைக் கூட்டினா சரியா 100 வருதான்னு ஒரு தடவை பார்த்துக்குங்க. அடிக்கடி நான் பார்க்குற தப்பு, குவிஸ் நாலுக்கும் தனித்தனியா 20 போட்டுடுவாங்க, பங்கு 160 ஆயிடும்.

"அந்தப் பாப்பா கடைசியில 75 வாங்கினாளா?"

இல்ல. கடைசி சோதனையில 50க்கு 37. நாப்பது பார்க்கலாம்னு சொன்னவ மூணு புள்ளியில தவற விட்டுட்டா. தாள் குடுத்த அன்னிக்கு நான் பேசுறதுக்கு முன்னாடி அவளே அலமாரியிலேர்ந்து காசு டின்னை எடுத்து வந்து எண்ண ஆரம்பிச்சா, முப்பத்தேழை எட்டால பெருக்கி எரநூத்தி தொண்ணூத்தாறு காசுன்னா, இருபத்தொம்போது நாணயமும் ஒரு அஞ்சு காசும் கிண்ணத்துல போட்டுட்டு தாள்ல பென்சிலால ஒரு பொட்டு வச்சா. 43ம் 29.6ம் 72.6, ரிப்போர்ட்ல 73. அப்புறம் மிட்டேர்ம் பையை எடுத்து மேசையில கொட்டி, அதுலேர்ந்து எத்தனை நாணயம் கிண்ணத்துக்கு வந்திருந்தா 75 ஆயிருக்கும்னு எண்ணிப் பார்த்தா. ரெண்டரை நாணயம், மிட்டேர்ம்ல அஞ்சே அஞ்சு புள்ளி. மிட்டேர்ம் தாளை திரும்ப வாங்கி, பின்னம் கணக்குல அலகு எழுதாம விட்ட இடத்தை எல்லாம் வட்டம் போட்டா, ஆறு இடம் இருந்துச்சு.